யார் சரி என்று கேட்காதீர்கள். உட்கார்ந்து பேச ஏற்பாடு கேளுங்கள்

கேள்வி: ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். புரொடக்‌ஷன் இன்சார்ஜ் அண்ணனுக்கும் எனக்கும் மூன்று மாதமாக ஒத்தே போகவில்லை. உற்பத்திக்கு முன் பையருக்கு அனுப்பும் பிபி சாம்பிளுக்கு அப்ரூவல் வருவதற்கு முன்பே கட்டிங் போட்டுவிடுகிறார். கேட்டால் தையல் லைனில் எல்லார் முன்னாலும் கத்துகிறார். பையர் சொல்லும் மாற்றங்களை நான் வாட்ஸ்அப் வாய்ஸில் அனுப்புகிறேன் என்பது அவர் குறை, அது உண்மைதான். நேரில் இரண்டு தடவை பேசிப் பார்த்தேன், சண்டையில்தான் முடிந்தது. ஜி.எம். நடுவில் இருந்து பேச வைத்தால் சரியாகும் என்று தோன்றுகிறது. புகார் கொடுத்த மாதிரி ஆகாமல் அவருக்கு எப்படி எழுதுவது?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: கடிதம் புகாராகப் படுமா, கோரிக்கையாகப் படுமா என்பது முதல் இரண்டு வரியிலேயே முடிவாகிவிடும். நடந்ததையெல்லாம் வரிசையாகக் கொட்டிவிட்டு, கடைசியில் ‘நீங்கள்தான் தலையிட வேண்டும்’ என்று முடித்தால், ஜி.எம். பாதி படிக்கும்போதே தப்பு யார் மேல் என்று பார்க்கத் தொடங்கிவிடுவார். உடனே அந்த அண்ணனைக் கூப்பிட்டு, ‘உன் மேல லெட்டர் வந்திருக்கு’ என்பார். அதற்குப் பிறகு எந்தப் பேச்சும் எடுபடாது. ஆகவே கேட்க வேண்டியதை முதலில் கேளுங்கள். ‘பிரச்சினையைத் தீர்த்து வையுங்கள்’ என்பது தீர்ப்பு கேட்பது. ‘உங்கள் முன்னிலையில் நாங்கள் இருவரும் முக்கால் மணி நேரம் பேச வேண்டும்’ என்பது ஏற்பாடு கேட்பது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

சம்பவங்கள் இரண்டு போதும். உங்களை அதிகம் வருத்தியவற்றை எடுக்காதீர்கள். வேலை எங்கே கெட்டது என்று கண்ணுக்குத் தெரிகிற இரண்டை எடுங்கள். தேதி, ஸ்டைல், என்ன நடந்தது, அதனால் என்ன ஆனது, அவ்வளவுதான். எழுதிய பிறகு ஒரு சோதனை: அந்த அண்ணன் இதைப் படித்தால் ‘ஆமாம், நடந்தது இதுதான்’ என்பாரா? ‘எப்போதும்’, ‘வேண்டுமென்றே’, ‘மதிப்பதே இல்லை’ போன்ற சொற்கள் இருந்தால் சொல்ல மாட்டார். ‘கத்தினார்’ என்பதற்குக்கூட, ‘கத்தவில்லை, மெஷின் சத்தத்தில் உரக்கப் பேசினேன்’ என்று பதில் வைத்திருப்பார். ‘ஆபரேட்டர்கள் முன்னிலையில் வாக்குவாதம் ஆனது’ என்று எழுதினால் மறுக்க இடமில்லை.

உங்கள் பக்கத்துக் குறையை ஒளிக்காமல் எழுதுங்கள். வாய்ஸ் மெசேஜ் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் கட்டிங் மாஸ்டர் மேஜையில் ஒட்டி வைக்கக் காகிதம் இல்லை என்பதுதான் அங்கே உண்மையான சிக்கல். அந்த அண்ணனுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. அப்ரூவலுக்குக் காத்திருந்தால் லைன் சும்மா நிற்கும். அன்றைய பீஸ் கணக்கு குறைந்தால் கேள்வி வருவது அவரிடம்தான். இதை ஒரு வரியில் நீங்களே எழுதிவிட்டால், அவர் தற்காப்போடு வந்து உட்கார வேண்டியிருக்காது.

மாதிரி ஒன்று தருகிறோம். தேதி, ஸ்டைல், அளவுகளை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

> பொருள்: புரொடக்‌ஷன் இன்சார்ஜுடன் தங்கள் முன்னிலையில் பேச நேரம் வேண்டி
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> புரொடக்‌ஷன் இன்சார்ஜ் அவர்களும் நானும் தங்கள் முன்னிலையில் சுமார் 45 நிமிடம் பேச ஏற்பாடு செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இது அவர் மீதான புகார் அல்ல. யார் சரி என்று தாங்கள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் கேட்கவில்லை.
>
> ஆகஸ்ட் 11 அன்று, ரவுண்ட் நெக் ஸ்டைலில் பிபி சாம்பிள் அப்ரூவல் வரும் முன்பே கட்டிங் தொடங்கியது. கழுத்து ரிப் 1.5 செ.மீ. அளவில் வெட்டப்பட்டது. மறுநாள் பையர் 2 செ.மீ. கேட்டார். 800 பீஸுக்கு ரிப் மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று. செப்டம்பர் 3 அன்று, லேபிள் மாற்றத்தை நான் வாய்ஸ் மெசேஜில் மட்டும் அனுப்பியிருந்தேன். அது லைனுக்குப் போய்ச் சேரவில்லை. இதுபற்றி ஆபரேட்டர்கள் முன்னிலையில் எங்களுக்குள் வாக்குவாதம் ஆனது.
>
> மாற்றங்களை எழுத்தில் தராதது என் தவறு. அப்ரூவல் தாமதமானால் லைன் நிற்கும் என்ற அவருடைய சிரமமும் எனக்குப் புரிகிறது. இருவரும் தனியாக இரண்டு முறை பேசியும் முடிவுக்கு வர முடியவில்லை.
>
> பேசி முடிவு செய்ய வேண்டியவை: அப்ரூவலுக்கு முன் கட்டிங் போட வேண்டி வந்தால் யார் அனுமதிப்பது, பையர் மாற்றங்களை எந்த வடிவில், யாரிடம் தருவது, கருத்து வேறுபாடு வந்தால் லைனில் பேசாமல் எங்கே பேசுவது.
>
> அடுத்த ஷிப்மென்ட் முடிந்த வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கித் தந்தால் உதவியாக இருக்கும். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுவதில் எனக்குத் தடை இல்லை.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் முழுக் கடிதத்தையும் இவ்வளவு கவனமாக எழுதச் சொல்கிறோம். எப்படியும் ஒரு நாள் அவர் கண்ணில் படும் என்று நினைத்தே எழுதுங்கள்.

மெயில் ஜி.எம்.முக்கு மட்டும் போகட்டும். எச்.ஆருக்கும் முதலாளிக்கும் சிசி வைத்தால் அந்த நிமிடமே அது புகார்தான். அனுப்புவதற்கு முன், அன்றைக்கே அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள்: ‘அண்ணா, நாம ரெண்டு பேரும் பேசினா சண்டையாகுது. ஜி.எம். முன்னாடி உட்கார்ந்து அப்ரூவல் விஷயத்தைப் பேசிக்கலாம்னு அவருக்கு எழுதப் போறேன்.’ அவர் முகம் சுளிக்கலாம். டீ இடைவேளையில் வேறு ஒருவர் வாயிலிருந்து கேள்விப்படுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஜி.எம். ஒப்புக்கொண்டால், முதலில் உங்கள் இருவரிடமும் பதினைந்து நிமிடம் தனித்தனியாகப் பேசிவிடச் சொல்லிக் கேளுங்கள். கோபம் அங்கேயே கொஞ்சம் இறங்கிவிடும். சேர்ந்து உட்காரும்போது வேலையைப் பேசலாம். சாம்பிள் ரூம் போலக் கதவு சாத்தக்கூடிய இடமாகவும், சம்பளம் போடும் நாளாக இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே யோசியுங்கள். முன்பு கேட்டபோது அந்த அண்ணன் எப்போதாவது, ‘ஜி.எம். சொல்லித்தான் கட்டிங் போட்டேன்’ என்றாரா? அப்படியானால் ஜி.எம்.மும் இந்தத் தகராறில் ஒரு கட்சி. அவரால் நடுவில் உட்கார முடியாது. இந்த ஒரு சூழ்நிலையில், பிளானிங்கிலோ எச்.ஆரிலோ இருவரும் மதிக்கிற ஒருவர் உடனிருக்கட்டும் என்று கடிதத்திலேயே கேளுங்கள்.

அந்த அண்ணன் லைனில் பேசுவதில் பாலியல் சாயல் கொண்ட சொற்களோ சாதிப் பெயரோ வந்திருந்தால் இந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள். பாலியல் தொந்தரவுக்கு, 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் அங்கே எழுத்தில் கொடுக்க வேண்டும். பெண் தானாகக் கேட்டால் ஒழிய சமரசப் பேச்சுக்கு அங்கே இடமில்லை. சாதி வசையும் நடுவர் வைத்துப் பேசித் தீர்க்கும் விஷயம் அல்ல.

ஜி.எம்.மிடமிருந்து ஐந்து வேலை நாளில் பதில் வராவிட்டால், நேரில் போய்த் தேதி மட்டும் கேளுங்கள். கதையை மறுபடி தொடங்காதீர்கள். ‘நீங்களே பேசிக்கங்க’ என்று சொல்லிவிட்டால் கோரிக்கையைச் சுருக்குங்கள்: அடுத்த புரொடக்‌ஷன் மீட்டிங்கில் அப்ரூவல் விதியை மட்டும் பேசப் பத்து நிமிடம்.

பேச்சு நடந்துவிட்டால், முடிவானதை அன்று மாலையே இருவருக்கும் ஜி.எம்.முக்கும் மெயிலில் போடுங்கள். ‘பையர் மாற்றம் திருத்திய ஷீட்டில், கையெழுத்தோடு கட்டிங் மாஸ்டரிடம், அப்ரூவலுக்கு முன் கட்டிங் என்றால் ஜி.எம். எழுத்தில் அனுமதி’ என்ற அளவுக்குத் துல்லியமாக இருக்கட்டும். ‘இனி ஒத்துழைப்போம்’ என்பதை மட்டும் எழுதினால், அடுத்த ஸ்டைலிலேயே பழைய சண்டை திரும்பும். இரண்டு வாரம் கழித்துப் பத்து நிமிடம் மறுபடி உட்கார ஒரு தேதியையும் அதே மெயிலில் குறித்துவிடுங்கள்.