விற்காத போர்வையில் இலாபம் ஏது? கிளைக் கடை இருப்பு பற்றிச் சில கேள்விகள்

மார்ச் 31 இல் கணக்கு முடிக்கிற கடைக்காரர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் நிற்கின்றன. பெரிய கடையிலிருந்து கிளைக்குச் சாமானை விலை கூட்டி அனுப்புகிறோம், வருட முடிவில் அது கிளையிலேயே கிடந்தால் கணக்கில் என்ன செய்வது என்பதுதான் அது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஹட்டனில் புடவைக் கடை, தலவாக்கலையில் கிளை. கொழும்பில் வாங்கும் சாமானைக் கிரயத்தில் 25 வீதம் கூட்டிக் கிளைக்குப் பில் போடுகிறோம். மார்ச் 31 அன்று கிளையில் 10 இலட்சம் ரூபா இருப்பு. கணக்காளர் அதில் 150,000 ரூபாவைக் கழித்துவிட்டார். சாமான் ஒன்றும் களவு போகவில்லையே, ஏன் கழிக்க வேண்டும்? கழிப்பதென்றாலும் 25 வீதத்துக்கு 250,000 அல்லவா வரும்?

முதலில் ஒரே ஒரு கம்பளிப் போர்வையைப் பார்ப்போம். புறக்கோட்டையில் 2,000 ரூபாவுக்கு வாங்கினீர்கள். தலவாக்கலைக்கு 2,500 என்று பில் போட்டு அனுப்பினீர்கள். ஹட்டன் புத்தகத்தில் அன்றைக்கே 500 ரூபா இலாபம் விழுந்துவிட்டது. ஆனால் போர்வை இன்னும் கிளையின் தட்டில்தான் கிடக்கிறது. வாங்க ஆள் வரவில்லை, காசும் வரவில்லை. இரண்டு கடையும் உங்களுடையவைதான். வலது சட்டைப்பையில் இருந்ததை இடது பைக்கு மாற்றிவிட்டு 500 ரூபா உழைத்தேன் என்று சொல்ல முடியாது. இதைத்தான் தேறாத இலாபம் என்கிறோம். கிளையில் ஒரு வாடிக்கையாளர் அந்தப் போர்வையை வாங்கிப்போகும் நாளில் அந்த 500 தேறும். அதுவரைக்கும் ஐந்தொகையில் போர்வையின் விலை 2,000தான். இருப்பைக் கிரயத்துக்கு மேல் காட்டக்கூடாது என்பது இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 சொல்வதும்கூட.

சரி, தொகைக்கு வருவோம். நீங்கள் கிரயத்தின் மேல் 25 கூட்டுகிறீர்கள். அப்படியென்றால் கிரயம் 100, பில் விலை 125. கிளையின் இருப்புப் பட்டியலில் இருப்பது அந்த 125. இலாபம் 125 இல் 25, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. பில் விலையில் 25 வீதத்தை எடுத்தால் கிரயத்திலும் கொஞ்சம் வெட்டிவிடுவீர்கள். நான் பார்க்கும் பிழைகளில் அடிக்கடி வருவது இதுதான். அனுபவமுள்ளவர்களும் அவசரத்தில் விழுகிற பள்ளம்.

அப்படியானால் 10 இலட்சத்தில் ஐந்தில் ஒன்று 200,000 ஆக வேண்டுமே, 150,000 எப்படி வந்தது? நீங்கள் அனுப்பிய இருப்புப் பட்டியலிலேயே விடை இருக்கிறது. பாடசாலைச் சப்பாத்து, சீருடைத் துணி என்று 250,000 ரூபாச் சாமானைக் கிளை கண்டியில் நேரே வாங்கியிருக்கிறது. அது உங்கள் பெரிய கடை வழியாக வரவில்லை, அதில் உங்கள் 25 வீதமும் இல்லை. அதை ஒதுக்கினால் மிச்சம் 750,000. அதில் ஐந்தில் ஒன்று 150,000. உங்கள் கணக்காளர் சரியாகத்தான் செய்திருக்கிறார். ஐந்தொகையில் கிளை இருப்பு 850,000 என்று நிற்கும்.

ஒன்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். சில கடைகளில் "25 வீதம்" என்று சொல்வது பில் விலையில் 25 வீதத்தை. ஒரு பில்லை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 2,000 ரூபாப் போர்வைக்கு 2,500 போட்டிருந்தால் அது கிரயத்தின் மேல் 25. ஏறக்குறைய 2,667 போட்டிருந்தால் அது பில் விலையில் 25, அங்கே நாலில் ஒன்றுதான் கழிக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், பில்லைப் பாருங்கள்.

போன வருடம் இதே காரணத்துக்காக 110,000 கழித்தார்கள். இந்த வருடம் 150,000. இரண்டு வருடத்தில் 260,000 இலாபம் காணாமல் போய்விட்டதே?

உங்கள் இலாப நட்டக் கணக்கில் இந்த வருடம் 150,000 முழுதாகக் கழிந்திருந்தால் அது பிழை. கழிய வேண்டியது 40,000 மட்டும்.

போன மார்ச்சில் கிளையில் கிடந்த சாமான் இந்த வருடம் விற்றுப்போயிருக்கும். அதோடு அன்று நிறுத்திவைத்த 110,000 ரூபா இலாபமும் இந்த வருடம் தேறிவிட்டது. அது உங்களுக்குத் திரும்பி வர வேண்டிய பணம். அதே நேரம் இந்த மார்ச்சில் கிடக்கும் புதுச் சாமானுக்காக 150,000 நிறுத்திவைக்க வேண்டும். 110,000 உள்ளே, 150,000 வெளியே, வித்தியாசம் 40,000. பதிவு இதுதான்: இலாப நட்டக் கணக்கு வரவு 40,000, தேறாத இலாப ஏற்பாட்டுக் கணக்கு செலவு 40,000.

சரியாக நடந்திருக்கிறதா என்று பார்க்கப் பேரேட்டில் அந்த ஏற்பாட்டுக் கணக்கைத் திறந்தால் போதும். பதிவு போட்டு முடித்தபின் அதன் மீதி இன்றைய இருப்பில் உள்ள தேறாத இலாபத்துக்குச் சமமாக, 150,000 ஆக, இருக்க வேண்டும். 260,000 என்று நின்றால் யாரோ வருடாவருடம் முழுத்தொகையையும் போட்டுக்கொண்டே வருகிறார்கள்.

சில கணக்காளர்கள் ஏற்பாடே வைக்காமல், இரண்டு கடையையும் சேர்த்து எழுதும்போது ஆரம்ப இருப்பையும் இறுதி இருப்பையும் கிரயத்திலேயே போட்டுவிடுவார்கள். அதுவும் சரியான வழிதான், விடை ஒன்றே. இரண்டையும் ஒன்றாகச் செய்தால்தான் ஒரே இலாபம் இரண்டு தரம் கழியும்.

இந்தத் தொகை நம் பக்கத்துக் கடைகளில் பெரிதாகத் தெரிவதற்கு ஒரு காரணமும் உண்டு. மார்ச் 31 க்கு இரண்டு கிழமையில் சித்திரைப் புத்தாண்டு. கிளைகளில் சாமான் கூரை முட்ட அடுக்கியிருக்கும் நேரம் பார்த்துத்தான் நாம் இருப்பெடுக்கிறோம். அதே கிளையில் மே மாதம் எண்ணினால் இவ்வளவு வராது.

பண்டாரவளைக் கிளை, லொறிக் கூலியையும் சாமான் விலையோடு சேர்த்து இருப்பைக் காட்டுகிறது. கூலிக்கும் ஐந்தில் ஒன்று கழிக்க வேண்டுமா?

வேண்டாம். லொறிக்காரருக்குக் கொடுத்த காசு வெளியாருக்குப் போனது, அதில் உங்கள் இலாபம் எதுவும் இல்லை. இருப்பு 520,000, அதில் கூலி 20,000 என்றால் 500,000 க்கு மட்டும் கணக்குப் பார்த்து 100,000 கழியுங்கள். விற்பதற்காக முதன்முதலில் கிளைக்குக் கொண்டுபோன கூலியைக் கிரயத்தோடு விட்டுவைக்கலாம். அங்கே விற்காமல் இன்னொரு கிளைக்கு ஏற்றி இறக்கிய கூலி அப்படியல்ல, அதை அந்த வருடச் செலவாகவே எழுதிவிடுங்கள்.

மார்ச் 30 அன்று மஸ்கெலியாக் கிளைக்கு 60,000 ரூபாச் சாமான் ஏற்றினோம். வழியில் மண் சரிந்து லொறி நின்றுவிட்டது, ஏப்ரல் 2 ஆம் திகதிதான் போய்ச் சேர்ந்தது. இதை எந்தக் கடையின் இருப்பில் காட்டுவது?

மார்ச் 31 இரவு அந்தச் சாமான் எந்தக் கடையிலும் இல்லை, லொறியில் இருந்தது. ஆனால் உங்களுடையதுதான். அதனால் இரண்டு கடையையும் சேர்த்த ஐந்தொகையில் "வழியிலுள்ள சாமான்" என்று தனியாகக் காட்ட வேண்டும்.

இது விடுபட்டிருப்பதைக் கண்டுபிடிக்க நல்ல அறிகுறி ஒன்று இருக்கிறது. பெரிய கடையின் புத்தகத்தில் உள்ள கிளைக் கணக்கும், கிளையின் புத்தகத்தில் உள்ள தலைமை அலுவலகக் கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். உங்களுக்கு அது 60,000 இடித்திருக்கும். பலர் அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட 60,000 ஐ வழியிலுள்ள சாமான் என்று எழுதியவுடன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கணக்கு பொருந்தும், ஆனால் அந்த 60,000 இலும் உங்கள் 25 வீதம் உட்கார்ந்திருக்கிறது. கிளையின் இருப்புப் பட்டியலை வைத்து மட்டும் ஏற்பாடு கணக்கிட்டால் இந்த 12,000 தப்பிப் போகும். ஐந்தொகைக்குப் போக வேண்டியது 48,000.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: கிளையில் இருப்பெடுத்தது எந்த நாள்? மார்ச் 31 அன்று ஆள் இல்லையென்று ஏப்ரல் 3 ஆம் திகதி எண்ணியிருந்தால், லொறிச் சாமானும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்திருக்கும். அப்போது ஒரே மூட்டை இரண்டு இடத்தில் நிற்கும்.

எங்கள் பதுளைக் கடை தம்பியின் பெயரில் தனிக் கம்பனி. அவருக்கு அனுப்புவதற்கும் இந்தக் கழிவு உண்டா?

தம்பியின் கம்பனியில் உங்கள் கம்பனிக்கு ஆதிக்கம் இல்லையென்றால் அது கிளையல்ல, வாடிக்கையாளர். விற்றது விற்றதுதான், கழிக்க ஒன்றுமில்லை. அது உங்கள் கம்பனியின் துணைக் கம்பனி என்றால் இரண்டையும் சேர்த்த குழுமக் கணக்கில் மட்டும் கழிப்பீர்கள்.

நுவரெலியாக் கிளையில் 40 சுவெட்டர் நிறம் மங்கிக் கிடக்கின்றன. பில் விலை 2,500. இப்போது 1,800 க்குத்தான் போகும் என்று கிளைப் பொறுப்பாளர் சொல்கிறார். அவர் தன் புத்தகத்தில் ஒன்றுக்கு 700 குறைத்துவிட்டார். நாங்களும் 500 கழிக்க வேண்டுமா?

கழிக்கக் கூடாது. அந்த 700 க்குள்ளேயே உங்கள் 500 அடங்கியிருக்கிறது. கிளைக்கு அது 700 ரூபா நட்டம் போலத் தெரியும். உங்கள் வியாபாரத்துக்கு நட்டம் 200 மட்டும், ஏனென்றால் உண்மையான கிரயம் 2,000. நீங்களும் 500 கழித்தால் சுவெட்டர் 1,300 க்கு இறங்கிவிடும், 40 சுவெட்டருக்கு 20,000 ரூபா வீணாகக் கரையும். கிரயம் 2,000, விற்றுத் தேறக்கூடியது 1,800, இரண்டில் குறைந்தது 1,800. அந்த விலையில் நிறுத்துங்கள். விற்கக் கமிஷன் ஏதும் கொடுப்பதானால் அதையும் 1,800 இலிருந்து கழியுங்கள்.

ஆக, கிளைப் பட்டியலில் விலை குறைத்த சாமானைத் தனித்தாளில் எழுதச் சொல்லுங்கள். ஐந்தில் ஒன்று கணக்கிடும்போது அந்தத் தாளைச் சேர்க்க வேண்டாம். குறைத்த விலை இன்னும் கிரயத்துக்கு மேலேயே இருந்தால், உதாரணமாக 2,200 என்றால், 500 அல்ல, 200 மட்டும் கழியும்.

இதற்கெல்லாம் பொறுப்பாளருக்கு உண்மையான கிரயம் தெரிய வேண்டும். அவரிடம் கிரயத்தைச் சொல்ல விருப்பமில்லாமல்தான் பல முதலாளிமார் விலை கூட்டியே அனுப்புகிறார்கள், அதில் தப்பும் இல்லை. பழைய புடவைக் கடைகளில் பத்து எழுத்து வரும் ஒரு சொல்லைத் தேர்ந்து, எழுத்துக்கு ஓர் இலக்கமாக வைத்து, கிரயத்தைத் துண்டில் எழுதிவிடுவார்கள். கிளையில் எண்ணுகிறவர் அந்த எழுத்துகளையும் அப்படியே பட்டியலில் பெயர்த்து எழுதினால் போதும். பெரிய கடையில் நீங்கள் அதை வாசித்துக்கொள்ளலாம், ஐந்தில் ஒன்று போட வேண்டிய வேலையே இருக்காது.