ஒரு தளத்தின் குக்கீயை மட்டும் அழிப்பது எப்படி?

"குரோமில் ஒரே ஒரு தளம் லாகின் செய்ததும் மறுபடி லாகின் பக்கத்துக்கே வருகிறது. எல்லாவற்றையும் அழித்தால் மற்ற தளங்களிலிருந்தும் வெளியேறிவிடுவேன். வேறு வழி?"

அந்தத் தளத்தின் டேப்களை மூடிவிட்டு, முகவரிப் பட்டையில் இதை ஒட்டுங்கள்:

```
chrome://settings/content/all
```

தேடல் பெட்டியில் தளத்தின் பெயரைத் தட்டினால் அதன் வரி மட்டும் நிற்கும். பக்கத்திலுள்ள குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தி உறுதிசெய்யுங்கள். மற்ற தளங்களின் லாகின் அப்படியே இருக்கும், சேமித்த கடவுச்சொற்களும் போகாது.

இப்படிச் சுற்றுவதற்குப் பெரும்பாலும் செல்லாமல் போன பழைய குக்கீதான் காரணம். அது லாகின் நடக்கும் துணைத்தளத்தில் ஒளிந்திருக்கலாம். `www.example.com` குக்கீயை மட்டும் அழித்து, `login.example.com` குக்கீயை விட்டுவிட்டால் சிக்கல் தீராது. மேலே சொன்ன பட்டியல் இரண்டையும் ஒரே குழுவாகக் காட்டும், குழுவையே அழியுங்கள். லாகின் வேறு டொமைனில் நடந்தால் அதையும் தனியாகத் தேடி அழிக்க வேண்டும்.

பக்கம் இன்னும் பழையபடியே தெரிந்தால், அங்கே நின்று Ctrl+Shift+R அழுத்துங்கள். கேஷை ஒதுக்கிவிட்டுக் கோப்புகளைப் புதிதாக எடுக்கும்.

அழிப்பதற்கு முன் இன்காக்னிட்டோ சாளரத்தில் ஒருமுறை லாகின் செய்து பாருங்கள். அங்கும் சுற்றினால் பழுது பெரும்பாலும் உங்கள் குக்கீயில் இருக்காது. அங்கே சரியாக வந்து, அழித்த பிறகும் இங்கே சுற்றினால், நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். இன்காக்னிட்டோவில் அவை இயல்பாக இயங்குவதில்லை.

ஒரு எச்சரிக்கை: சில தளங்கள் அனுப்பாத வரைவுகளை உலாவியிலேயே வைத்திருக்கும். இந்த அழிப்பில் அவையும் போய்விடும், மீட்க முடியாது. முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.