தக்கைத்தூள் காட்டும் கணுக்கள்: குண்ட் குழாய்ச் சோதனை குறித்த கேள்வி பதில்

இயற்பியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் இந்தச் சோதனையை நடத்தி வந்த ஆசிரியர் ஒருவர், உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறார். நடுவில் பிடித்த தண்டைத் தேய்த்து, கண்ணாடிக் குழாயில் தூள் குவியும் இடைவெளியிலிருந்து தண்டில் ஒலியின் வேகத்தைக் காண்பதோடு தொடர்புடைய கேள்விகளே ஏற்கப்பட்டன.

முதலாண்டு மாணவி: குழாய்க்குள் இருப்பது காற்று. அதில் அளந்ததை வைத்துப் பித்தளைக்குள் ஒலி போகும் வேகத்தை எப்படிச் சொல்கிறோம்?

இரண்டிலும் அதிர்வெண் ஒன்றே என்பதுதான் இந்தச் சோதனையின் ஆதாரம். 1866-இல் ஆகஸ்ட் குண்ட் இந்த முறையை வெளியிட்டபோது, நேரடியாக அளக்க முடியாத அளவு விரைவான அதிர்வைத் தூளின் துணையால் கண்ணுக்குத் தெரியும் நீளமாக மாற்றிவிட்டார். தண்டை நடுவில் இறுகப் பிடித்து நீளவாக்கில் தேய்த்தால், நடுவில் அசைவே இல்லாத கணுவும் இரு முனைகளிலும் அசைவு மிகுந்த எதிர்க்கணுவும் அமைகின்றன. ஆகவே தண்டின் முழு நீளம் தண்டிலுள்ள அலையின் அரை அலைநீளம். தண்டின் முனையில், குழாய்க்குள் இருக்கும் வட்டு அதே அதிர்வெண்ணில் காற்றை அசைக்கிறது. அடுத்தடுத்த இரு குவியல்களின் இடைவெளி காற்றிலுள்ள அலையின் அரை அலைநீளம். அதிர்வெண் பொது என்பதால், வேகங்களின் விகிதம் இந்த இரு நீளங்களின் விகிதமே.

எங்கள் ஆய்வகப் பதிவேட்டின் வழக்கத்தை ஒட்டி ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். பித்தளைத் தண்டின் நீளம் 100 செ.மீ.; அறையின் வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ்; ஒரு குவியலின் மையம் அளவுகோலில் 6.2 செ.மீ.இல், அதிலிருந்து எட்டு இடைவெளி தள்ளியுள்ள குவியலின் மையம் 85.4 செ.மீ.இல். வித்தியாசம் 79.2, எட்டால் வகுத்தால் 9.9 செ.மீ. அந்த வெப்பநிலையில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 347 மீட்டர். ஆகவே:

```
v = 347 × 100 / 9.9 ≈ 3505 m/s
f = 347 / (2 × 0.099) ≈ 1753 Hz
```

பித்தளையின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 8400 கிலோகிராம் என்றால், அடர்த்தியை வேகத்தின் இருமடியால் பெருக்க யங் குணகம் ஏறத்தாழ 1.03 × 10¹¹ பாஸ்கல் என வருகிறது. பித்தளைக்கு இது பொருத்தமான மதிப்பு.

எட்டு இடைவெளிகளைச் சேர்த்து அளந்ததைக் கவனியுங்கள். குவியலின் மையத்தைக் கண்ணால் குறிப்பதில் 3 மி.மீ. பிழை எளிதில் நேரும். ஒரே இடைவெளியை அளந்தால் அது மூன்று சதவீதப் பிழை. எட்டைச் சேர்த்து அளந்தால் அரை சதவீதத்துக்கும் குறைவு.

செய்முறைத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்: எவ்வளவு தேய்த்தாலும் தூள் அசையவே இல்லை.

பெரும்பாலும் காரணம் ஈரம். குழாயை உலர்ந்த துணியால் உள்ளே துடைத்து, இலேசாகச் சூடாக்கி, ஆறவிட்டு, பிறகே தூளை இடுங்கள். தக்கைத்தூள் சலித்ததாக, மெல்லிய ஒரே கோடாக இருக்க வேண்டும். கைப்பிடியளவு கொட்டினால் எந்த அலையாலும் அதைத் தூக்க முடியாது. பின்னர் குழாயை அதன் அச்சில் மெதுவாகச் சுழற்றி, தூள் பக்கச் சுவரில் ஏறி, இன்னும் சிறிது திருப்பினால் சரிந்துவிடும் என்ற நிலையில் நிறுத்துங்கள். தண்டு பாடியதும், காற்று வலுவாக ஆடும் இடங்களில் தூள் சரிந்து கீழே விழும். கணுக்களில் மேலேயே நிற்கும். தூளின் விளிம்பு வளைவு வளைவாகத் தோன்றும். ஒவ்வொரு வளைவின் உச்சியையும் தெளிவாகக் குறிக்கலாம்.

தேய்ப்பதும் ஒரு பழக்கம். பிசின்தூள் தடவிய தோல் துண்டால் பித்தளைத் தண்டின் வெளிப்பாதியை, நடுவிலிருந்து முனை நோக்கி, குழாய்க்கு எதிர்த்திசையில் இழுக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் கிறீச்சிடும்; ஒலி தூய்மையாக, காதைத் துளைப்பதுபோல் வர வேண்டும். வட்டு கண்ணாடியைத் தொடவே கூடாது. தொட்டால் ஆற்றல் உராய்வில் போய்விடும். குழாய் விரிசல் காணவும் கூடும்.

ஆய்வக உதவியாளர்: தண்டின் முனை எதிர்க்கணு என்கிறீர்கள். ஆனால் வட்டுக்குப் பக்கத்திலேயே தூள் குவிகிறதே! அங்கே கணு இருக்க முடியுமா?

கூர்மையான பார்வை. தண்டைப் பொறுத்தவரை அந்த முனை எதிர்க்கணுதான். காற்றைப் பொறுத்தவரை அது கணுவுக்கு மிக அருகிலுள்ள இடம். ஒத்ததிர்வு ஏற்படும்போது குழாயின் நடுவே காற்று ஆடும் வீச்சு, வட்டு ஆடும் வீச்சைவிடப் பன்மடங்கு பெரிதாக வளர்ந்துவிடுகிறது. வட்டை ஒட்டியுள்ள காற்று மட்டும் வட்டோடு சேர்ந்தே நகர வேண்டும். அதாவது அங்கே சிறிய வீச்சு மட்டுமே இருக்க முடியும். அவ்வளவு சிறிய வீச்சு நிலை அலையில் எங்கே கிடைக்கும்? கணுவை ஒட்டித்தான்.

காற்றின் உச்ச வீச்சு வட்டின் வீச்சைப்போல் இருபது மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கணக்கில், உண்மையான கணு வட்டிலிருந்து ஏறத்தாழ 1.6 மி.மீ. தள்ளி அமைகிறது. ஒத்ததிர்வு மங்கலாக இருந்தால் இந்தத் தூரம் இன்னும் கூடும். இதனால்தான் வட்டிலிருந்து ஒருபோதும் அளக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மறுமுனையிலுள்ள அடைப்பு அசையாதது. அங்கே அமைவது மெய்யான கணு.

பள்ளி ஆசிரியர்: ஐயா சொல்வதை நான் ஏற்கவில்லை. என் குழாயில் தூள் எதிர்க்கணுக்களில்தான் மேடாக எழும்புகிறது. கணுக்கள் வெறுமையாக உள்ளன. பாடநூல்கள் தவறா?

நீங்கள் கண்டதும் உண்மை, பாடநூல் சொல்வதும் உண்மை. பார்க்கும் நிலைமைகள் வேறு. தூள் மெல்லியதாக, குழாய் சரியும் நிலைக்குச் சுழற்றியதாக இருந்தால், முதலில் நடப்பது நான் மேலே சொன்ன சரிவு. நிற்கும் தூள் கணுவைக் காட்டும். தூள் குழாயின் அடியில் கிடக்க, தண்டை வலுவாகத் தொடர்ந்து தேய்த்தால், எதிர்க்கணுப் பகுதியில் குழாய்க்குக் குறுக்காக மெல்லிய வரப்புகள் சில மில்லிமீட்டர் இடைவெளியில் எழுகின்றன. ஆடும் காற்றில் துகளைச் சுற்றி உண்டாகும் ஓட்டங்கள் அருகிலுள்ள துகள்களோடு இடைவினை புரிவதால் இந்த வரப்புகள் அமைகின்றன. இது தவிர, குழாய் முழுவதும் காற்று மெதுவாகச் சுற்றிவரும் ஓட்டமும் உண்டு. குண்ட் குழாய்களில் காணும் அந்தச் சுழற்சிக்கு ரேலி பிரபு 1884-இல் விளக்கம் அளித்தார்.

முதலாண்டு மாணவி: அப்படியானால் நான் வரப்புகளை எண்ணிவிட்டேன் போலிருக்கிறது. என் இடைவெளி 4 மி.மீ. வந்தது.

ஆம். வரப்புகளின் இடைவெளிக்கும் அலைநீளத்துக்கும் அரை அலைநீள உறவு இல்லை. வரப்புகளின் கூட்டம் முழுவதையும் ஒன்றாகக் கொண்டு, கூட்டத்தின் மையத்திலிருந்து அடுத்த கூட்டத்தின் மையத்துக்கு அளக்க வேண்டும்.

பள்ளி ஆசிரியர்: என் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. நான் பார்ப்பது கணுவா எதிர்க்கணுவா என்பதை மாணவர்க்கு எப்படி நிரூபிப்பது?

அடைப்பைப் பாருங்கள். அங்கே கணு என்பதில் ஐயமில்லை. அடைப்பை ஒட்டியே தூள் குவிந்திருந்தால் உங்கள் குவியல்கள் கணுக்கள். மேலே சொன்ன கணக்கில், அடைப்பிலிருந்து 5 செ.மீ. அளவு தள்ளி முதல் மேட்டின் மையம் அமைந்தால் அவை எதிர்க்கணுக்கள். எதுவாயினும் ஒரே வகையிலிருந்து அதே வகைக்கு அளந்தால் இடைவெளி அரை அலைநீளமே, வேகமும் மாறாது. ஒரு முனையில் கணுவையும் மறுமுனையில் எதிர்க்கணுவையும் குறித்தால் மட்டும் கால் அலைநீளம் கூடவோ குறையவோ செய்யும். எட்டு இடைவெளியில் அது ஆறு சதவீதப் பிழை.

ஆய்வக உதவியாளர்: எங்கள் குழாயில் இரண்டும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. ஆசிரியர் சொல்வதுபோல் எதிர்க்கணுவில் வரப்பு, ஐயா சொல்வதுபோல் கணுவில் குவியல்.

நடுத்தர வீச்சில் அவ்வாறு நிகழலாம். அப்போது குழாயைச் சற்றுச் சுழற்றி, தேய்ப்பை மென்மையாக்கினால் கணுக் குவியல் மேலோங்கும்.

பள்ளி ஆசிரியர்: ஏற்கிறேன், ஆனாலும் தூள் கணுவில் "சேர்கிறது" என்று எழுதுவதை நான் எதிர்ப்பேன். அங்கே அது எஞ்சி நிற்கிறது, அவ்வளவே.

முதற்கட்டச் சரிவைப் பொறுத்தவரை அது நியாயமான திருத்தம். நீண்ட நேரம் தேய்த்தால் சுழற்சி ஓட்டம் துகள்களை இடம் மாற்றுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது "எஞ்சி நிற்கிறது" என்பதும் போதாது.

பொறியியல் மாணவர்: எதற்கு இவ்வளவு சிரமம்? ஒலிபெருக்கியும் அலை இயற்றியும் வைத்தால் சுலபமாக முடிந்துவிடும்.

அப்போது நீங்கள் காண்பது காற்றில் ஒலியின் வேகம். தண்டே இல்லாத அமைப்பில் தண்டின் வேகம் எங்கிருந்து வரும்?

தனித்தேர்வர்: தண்டைக் கால்பங்கு நீளத்தில் பிடித்தேன். குவியல்கள் இருமடங்கு நெருங்கின. பித்தளையின் வேகம் இருமடங்கானதா?

வேகம் மாறவில்லை. கால்பங்கில் பிடித்தால் தண்டு இரண்டாம் முறையில் அதிர்கிறது. அதன் அரை அலைநீளம் இப்போது தண்டின் பாதி நீளம். மேலே உள்ள வாய்பாட்டில் 100க்குப் பதில் 50 இடுங்கள், விடை ஒன்றாகவே வரும். குவியல்கள் நெருங்கின என்று நீங்கள் கண்டது சரி.

மற்றொரு மாணவர்: தூள் அசையவில்லை, என்ன செய்வது?

மேலே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்: உலர்த்துங்கள், தூளைக் குறையுங்கள், குழாயைச் சுழற்றுங்கள். அடைப்பை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி ஒத்ததிர்வையும் தேடுங்கள்.

முதுகலை மாணவி: எனக்கு எப்போதும் ஐந்து சதவீதம் அளவுக்குக் குறைவாகவே வருகிறது. வட்டின் எடை காரணமா?

வட்டின் எடையால் அவ்வளவு குறையாது. 6 மி.மீ. விட்டமுள்ள ஒரு மீட்டர் பித்தளைத் தண்டு ஏறத்தாழ 237 கிராம். முனையில் ஒரு கிராம் சேர்ந்தால் அதிர்வெண் 0.4 சதவீதம் அளவே இறங்கும். ஆகவே தக்கை போன்ற இலேசான வட்டு நல்லது. உலோக வட்டும் திருகும் வேண்டாம். குழாய்ச் சுவரின் தாக்கமும் சிறிதே: 3 செ.மீ. விட்டக் குழாயில் இந்த அதிர்வெண்ணுக்குக் காற்றின் வேகம் கால் சதவீதம் அளவு குறைகிறது.

நீங்கள் காற்றின் வேகத்தை 332 என்று இட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது சுழி டிகிரிக்கு உரியது. மேலே கண்ட தரவில் 347க்குப் பதில் 332 இட்டால் விடை 3354 ஆகிவிடும். நாலரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான வீழ்ச்சி. வெப்பமானியைக் குழாய்க்கு அருகில் வையுங்கள், சன்னலோரத்தில் வேண்டாம். உலர்த்துவதற்காகச் சூடாக்கிய குழாய் அறையின் வெப்பநிலைக்குத் திரும்பும்வரை காத்திருங்கள்.

தனித்தேர்வர்: எஃகுத் தண்டு ஒரு மீட்டர், அதே வெப்பநிலை, இடைவெளி 6.8 செ.மீ. வந்தது. தவறா?

தவறில்லை. நொடிக்கு 5100 மீட்டர் அளவு வருகிறது. எஃகுக்கு அதுவே எதிர்பார்ப்பு.

இன்னொரு மாணவர்: வட்டிலிருந்து முதல் குவியல்வரை அளந்து அதையும் சராசரியில் சேர்க்கலாமா?

கூடாது. காரணம் ஆய்வக உதவியாளருக்கு அளித்த பதிலில் உள்ளது.