மடக்கப் பயப்படும் முழங்கால்

வணக்கம் மேடம்,
பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டப்படிப்பு முடித்திருக்கிறேன். போன மாதம் ஒரு மருத்துவமனை இன்டர்வியூவில், "மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆன அம்மா, காலை மடக்கவே பயப்படுகிறார். என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். பயிற்சிகளை வரிசையாகச் சொன்னேன். "சரி, பயத்துக்கு?" என்றார்கள். ஆறுதல் சொல்வேன் என்றேன். வேலை கிடைக்கவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும்?
ர., திருச்சி

அன்புள்ள ர.,

தேர்வுக்குழுவில் உட்கார்ந்து இதே கேள்வியை நானும் கேட்டதுண்டு. இன்டர்வியூவுக்கு வருகிற எல்லோருக்கும் பயிற்சிகளின் பெயர் தெரியும். அந்த அம்மாவைத் தடுப்பது எது என்று நீங்கள் எப்படிப் பிரித்துப் பார்க்கிறீர்கள் என்பதற்குத்தான் நாங்கள் காத்திருப்போம்.

முதலில் ஆபத்தை விலக்குங்கள். கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும் இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். காய்ச்சலோ தையலில் கசிவோ இருந்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். எதுவானாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே சர்ஜனிடம் சொல்ல வேண்டும்.

அப்புறம், வலியா பயமா? கட்டிலில் மடக்கச் சொன்னால் 50 டிகிரியில் நிறுத்திவிடுகிறார். நாற்காலியில் உட்கார்ந்து மகளோடு பேசும்போது அதே கால் தன்னால் 75 வரை மடங்குகிறது. அப்படியென்றால் மூட்டு இடம் கொடுக்கிறது, பயத்தில் தொடைத் தசைதான் இறுக்கிப் பிடிக்கிறது. இரண்டு இடத்திலும் 50-தான் என்றால் வீக்கத்தையும் வலியையும் முதலில் கவனிக்க வேண்டும்: காலை உயர்த்தி வைப்பது, ஐஸ், வலி மாத்திரை போட்டு அரைமணி, முக்கால் மணி கழித்துப் பயிற்சி.

பயம்தான் என்று தெரிந்தால், "மடக்கினால் என்ன ஆகும்னு நினைக்கிறீங்கம்மா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "தையல் பிரிஞ்சிடும்" என்பார்கள். "பயப்படாதீங்க" என்பது அதற்குப் பதிலே இல்லை. "ஆபரேஷன் டேபிள்லயே டாக்டர் இந்தக் காலை மடக்கி நீட்டிப் பார்த்திருப்பாரும்மா" என்பதுதான் பதில். மடக்கும்போது முழங்கால் முன்புறம் இழுக்கும், விட்டதும் குறையும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதலில் நல்ல காலில் செய்து பார்க்கட்டும். பிறகு ஆபரேஷன் ஆன காலில், பாதத்தைச் சுற்றி ஒரு துண்டைப் போட்டு, இரண்டு முனையையும் அவர் கையிலேயே கொடுங்கள். குதிகாலைக் கட்டிலில் தேய்த்தபடி அவரே இழுக்கட்டும், எங்கே நிறுத்துவது என்பதும் அவர் முடிவு. நீங்கள் காலைத் தொட வேண்டாம். முதல் நாள் ஐந்து முறை போதும். கடைசியில், "உங்க மகளுக்கு நீங்களே சொல்லிக் கொடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ, அங்கேதான் நீங்கள் சொன்னது போய்ச் சேரவில்லை. அதை மட்டும் வேறு மாதிரி, அவசரப்படாமல் சொல்லுங்கள்.

இதற்கு அடுத்து, "மறுநாள் வீக்கம் கூடி வந்தால்?" என்று கேட்பார்கள். கெண்டைக்காலையும் தையலையும் மறுபடி பார்ப்பேன், அவை சரியாக இருந்தால் பயிற்சியை நிறுத்தாமல் எண்ணிக்கையை மட்டும் குறைப்பேன் என்று சொல்லுங்கள்.