பிஐபி எழுதும்போது: வாசகர் கேள்விகளுக்குச் சில பதில்கள்

செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம் என்று முழுப்பெயரைச் சொன்னால் பலர் யோசிப்பார்கள். பிஐபி என்றால் உடனே விளங்கிவிடும், முகமும் சுருங்கிவிடும். இம்முறை வந்த கேள்விகளில் முதலாவதுக்கு மட்டும் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவற்றின் பாதி விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

சுன்னாகத்தில் கட்டடப் பொருள் மொத்த விற்பனை நிலையம் ஒன்றின் முகாமையாளர் நான். பில் போடும் தம்பி எங்களிடம் வந்து மூன்று வருடம். இந்த வருடம் பிழைகள் கூடிவிட்டன. ‘பில்களைக் கவனமாகப் போட வேண்டும், பிழைகளைக் குறைக்க வேண்டும்’ என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துக் கேட்டால், ‘நான் கவனமாகத்தானே போடுகிறேன்’ என்கிறார். வேறு எப்படி எழுதுவது?

அந்தத் தம்பி சொன்னதில் பிழையில்லை. கவனமாகப் போடுவதாக அவர் நினைக்கிறார், இல்லை என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இரண்டு நினைப்புக்கும் நடுவில் எண்ணிப் பார்க்க ஒன்றுமே இல்லை.

அதனால்தான் போனில் கதைத்தபோது ஒரு மாதத்துப் பில்களை எடுத்து எண்ணச் சொன்னேன். அவர் போட்டது 900 பில், அதில் பிழை 54. அதாவது 6 வீதம். இதை அப்படியே திட்டத்தில் எழுதிவிட நீங்கள் தயாராக இருந்தீர்கள். பிழைகளை வகை பிரித்துப் பார்த்தபோது கதை மாறியது. 32 பில்லில் பொருளின் குறியீட்டு எண் பிழை. 10 பில்லில் எண்ணிக்கை பிழை. மிச்சம் 12 பில்லில் விலை பிழை. ஆனால் அந்த விலைகள் மாறியதைக் கொம்பியூட்டரில் ஏற்றாமல் விட்டது கணக்குப் பிரிவு. அந்த 12ஐயும் அவர் தலையில் போட முடியாது. கழித்தால் 42, அதாவது 4.7 வீதம் அளவில் வரும். தொடக்க நிலை என்று எழுத வேண்டியது இந்த எண்ணைத்தான். அடுத்த மேசையில் அதே வேலையைச் செய்பவர்களுக்கு 2 முதல் 2.5 வீதம் வரை பிழை வருகிறது என்றீர்கள். ஆகவே இறுதி இலக்கு 2.5. ஒரு பிழையும் வரக்கூடாது என்று எழுதினால், கடையில் வேறு எவராலும் முடியாததை இவரிடம் மட்டும் கேட்டதாகிவிடும்.

அடுத்தது கால அளவு. வாரத்துக்குச் சுமார் 200 பில் போடுகிறார். அதில் 2.5 வீதம் என்றால் ஐந்து பில். ஒரு கெட்ட நாளில் இரண்டு பிழை கூடினாலே அந்த வாரம் தோல்வியாகத் தெரியும். எனவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சுமார் 400 பில்லைச் சேர்த்துப் பார்ப்பது நியாயம். எட்டு வாரத் திட்டம் என்று வைத்தால் முதல் இரண்டு வாரம் உதவி கொடுக்கும் காலம். எண்ணிக்கை எடுக்கலாம், இலக்கு வேண்டாம். அப்புறம் 400 பில்லுக்கு 16 பிழைக்குள், அடுத்து 12க்குள், கடைசி இரண்டு வாரத்தில் 10க்குள்.

எது பிழை என்பதையும் எழுத வேண்டும். ‘குறியீட்டு எண் அல்லது எண்ணிக்கை வாடிக்கையாளர் கேட்டதிலிருந்து மாறுபட்ட பில். லொறியில் ஏற்றும்போது களஞ்சியப் பொறுப்பாளர் கண்டுபிடித்தாலும், வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தாலும் ஒன்றாகவே கணக்கிடப்படும்’ என்று ஒரு வசனம் போதும். இதில் ஒரு பொறி இருக்கிறது. தம்பி பிஐபியில் இருக்கிறார் என்று களஞ்சியத்தில் தெரிந்தவுடன் அவருடைய பில்லை மட்டும் இரண்டு தரம் பார்ப்பார்கள். பிழை கூடாமலே, கண்டுபிடிக்கப்படும் பிழை கூடும். எல்லோருடைய பில்லையும் ஒரே மாதிரிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு பக்கமும் உண்டு. பிழைக்குப் பயந்து அவர் நாளுக்கு இருபது பில்லோடு நின்றுவிடலாம். ‘நாளாந்தச் சராசரி 30 பில்லுக்குக் குறையாமல்’ என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

சரி, உதவி. நீங்கள் அனுப்பிய வரைவில் ‘தேவையான பயிற்சி வழங்கப்படும்’ என்று இருந்தது. யார், எப்போது, எதில்? உங்கள் 32 குறியீட்டுப் பிழையில் பெரும்பகுதி அரை அங்குல, முக்கால் அங்குல பிவிசி குழாய்ச் சாமான்களில். இரண்டுக்கும் எண் ஓர் இலக்கத்தில்தான் வேறுபடுகிறது. அதோடு, பிழைகள் அதிகம் வருவது 11 மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில், அவர் தோளில் போனை இடுக்கிக்கொண்டு ஓடர் எடுக்கும் நேரத்தில். ஆகவே உதவி மூன்று. படத்தோடு கூடிய குறியீட்டுத் தாள் முதல் திங்கட்கிழமைக்குள் மேசையில் ஒட்டப்படும், பொறுப்பு கணக்காளர். முதல் ஐந்து நாளும் காலையில் ஒரு மணித்தியாலம் மூத்த பில் எழுதுநர் பக்கத்தில் இருப்பார். 11 முதல் 1 வரை போனை வேறொருவர் எடுப்பார், பொறுப்பு நீங்கள். இதற்குக் கீழே ஒரு வரி: இவற்றில் ஒன்று பிந்தினால், பிந்திய நாட்கள் திட்டத்தின் முடிவுத் திகதியோடு கூட்டப்படும். இந்த வரியை எழுத முகாமையாளர்கள் தயங்குவார்கள். அவர்கள் தயங்குவதால்தான் நான் வற்புறுத்துகிறேன்.

தனியார் மருத்துவ நிலையத்தில் வரவேற்பு மேசையில் இருக்கும் பிள்ளை நோயாளிகளோடு எரிந்து விழுகிறாள். மனப்பான்மையை எப்படி அளப்பது?

அளக்க முடியாது, எழுதவும் வேண்டாம். முறைப்பாட்டுப் புத்தகத்தை நம்பவும் வேண்டாம். எங்கள் ஆட்கள் அதில் எழுத மாட்டார்கள், சந்திக்கடையில்தான் சொல்வார்கள். கண்ணால் பார்க்கக்கூடிய இரண்டு செயலை எடுங்கள். வந்தவருக்கு இலக்கத்தைக் கொடுக்கும்போதே வைத்தியர் வரக்கூடிய நேரத்தைச் சொல்வது ஒன்று. வைத்தியர் அரை மணித்தியாலம் பிந்தினால், கேட்க முதல் தானே எழும்பி எல்லோருக்கும் அறிவிப்பது மற்றது. மேற்பார்வையாளர் வாரத்தில் இரண்டு தடவை, வெவ்வேறு நேரத்தில், இருபது நிமிடம் இருந்து பார்த்துக் குறிக்கட்டும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்குச் செய்திருந்தால் இலக்கு அடைந்தது.

இன்னொன்று. வைத்தியர் பிந்துவார் என்ற செய்தி அந்தப் பிள்ளைக்கு எப்போது கிடைக்கிறது என்று ஒருக்கா விசாரியுங்கள். நாள் முழுக்க அவருக்காகப் பேச்சு வாங்குவது அவள்தான் என்றால், வைத்தியரின் போன் அழைப்பை அவளுக்குத் தெரிவிக்கும் ஏற்பாடுதான் உங்கள் உதவிப் பகுதியின் முதல் வரி.

நிதி நிறுவனக் கிளையொன்றில் கடன் வசூலிப்பில் இருக்கிறேன் அண்ணா. கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் மூன்று பக்கம் வந்தது. ‘இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள் தங்கச்சி’ என்கிறார் முகாமையாளர். போட்டால் பிழையை ஒத்துக்கொண்டதாகுமா?

தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது தங்கச்சி. வாசித்து விளங்கிக்கொள்ள ஓரிரு நாள் அவகாசத்தை எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலில் இரண்டு வரி போதும். தமிழ்ப் பிரதி கேட்பதிலும் வெட்கமில்லை; விளங்காத இலக்கை எவராலும் எட்ட முடியாது. கையெழுத்திடும்போது ‘பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கம் பற்றிய என் கருத்துகள் இணைப்பில்’ என்று எழுதித் திகதி போடுங்கள். உங்களுக்கும் ஒரு பிரதி வேண்டும்.

கருத்தில் அழுது எழுத வேண்டாம், எண்ணை எழுதுங்கள். நிலுவைக் கடன்களில் 90 வீதம் வசூலிக்க வேண்டும் என்று இலக்கு இருந்தால், உங்களிடம் ஒப்படைத்த கோப்புகளில் எத்தனை நீங்கள் வருமுன்பே நிலுவையில் கிடந்தவை என்று பாருங்கள். முந்தியவர் விட்டுப்போன பழைய நிலுவையை வேறாகக் கணக்கிடச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. சந்திக்கப்போன வீடுகள், எடுத்த அழைப்புகள், வாங்கிய தவணை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் நாள்வாரியாக எழுதி வையுங்கள். மீளாய்வு நாளில் அவர்களிடம் ஓர் அட்டவணை இருக்கும், உங்களிடமும் ஒன்று இருக்க வேண்டும்.

மூன்று மீளாய்வு என்று எழுதினோம். இரண்டாவதை நேரமில்லாமல் விட்டுவிட்டோம். கடைசியில் தேறவில்லை என்று முடிவெடுத்தால் செல்லுமா?

அந்தப் பணியாளர் ‘நடுவில் எவரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லையே’ என்று கேட்டால் உங்களிடம் பதில் இல்லை. தவறவிட்ட மீளாய்வை இப்போது நடத்தி, திட்டத்தை அதே அளவு நாட்கள் நீட்டுங்கள். பழைய திகதி போட்டு ஒரு குறிப்பை உருவாக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

நானும் இதில் விழுந்தவன்தான். ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த திட்டத்தில் இரண்டாவது மீளாய்வு நல்லூர்த் தேர் அன்று விழுந்தது. பணியாளரும் இல்லை, முகாமையாளரும் இல்லை, வீதியும் அடைப்பு. அடுத்த வாரம் என்றார்கள், அது மாதக் கடைசியாகி, இல்லாமலே போனது. அதிலிருந்து நாட்காட்டியை விரித்து வைத்துப் போயா, கோயில் திருவிழா, கணக்கு முடிக்கும் கிழமை எல்லாவற்றையும் தவிர்த்துத்தான் திகதி போடுகிறேன். திகதியோடு நேரம், இடம், நடத்துபவர், அவர் வராவிட்டால் நடத்துபவர். தள்ளிப்போட்டால் மூன்று வேலை நாளுக்கு மேல் போகாது என்ற வரியும் உண்டு.

மீளாய்வுக்கு இருபது நிமிடம் போதும். எண் என்ன, சொன்ன உதவி கிடைத்ததா, அடுத்த மீளாய்வு வரை என்ன மாற்றம். குறிப்பை அன்றைக்கே எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். கடைசி மீளாய்வில் புதுக் குற்றச்சாட்டு ஒன்றும் முளைக்கக் கூடாது.

பிஐபியில் தேறாவிட்டால் அடுத்த நாளே நிறுத்தலாமா? எங்களிடம் 22 பேர் வேலை செய்கிறார்கள்.

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சராசரியாக 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில், ஒழுக்காற்றுத் தண்டனையாக அல்லாமல் வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். வேலை தெரியாமல் திணறுவது வேறு, ஒழுக்கக்கேடு வேறு. பிஐபி அந்த அனுமதிக்கு மாற்றீடு கிடையாது. கோப்பை எடுத்துக்கொண்டு தொழில் சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் முதலில் போங்கள். அதற்கிடையில் வேறு வேலைக்கு மாற்றுவதைப் பற்றியும் அவரோடு கதைத்துப் பாருங்கள்.

திருநெல்வேலியில் எங்கள் குடும்பக் கடை. ஆறு பேர்தான். வேலை செய்யாதவர் என் அண்ணாவின் மகன். பெறாமகனுக்குப் பிஐபி கொடுத்தால் வீட்டில் சண்டை வரும். என்ன செய்யலாம்?

தலைப்பை விட்டுவிடுங்கள். ஒரு பக்கத் தாள் போதும்: காலை எட்டரைக்குக் கடை திறந்திருக்க வேண்டும், மாலையில் காசு மேசைக் கணக்கு நூறு ரூபாய்க்குள் ஒத்துவர வேண்டும், ஆறு வாரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சந்திப்பு. கணக்கை நீங்களும் எழுத வேண்டாம், அண்ணாவும் எழுத வேண்டாம். காசாளரை எழுதச் சொல்லுங்கள். சந்திப்பைக் கடையில் வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.