கெயின் திருகும் மல்டிமீட்டரும்: வாசகர் கேள்விகள்

என் பாக்கி வண்டியில் சப்வூஃபர் பொருத்தி, காதால் கேட்டே கெயினை வைத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. எதற்கு மீட்டர்? (சாட்ஸ்வொர்த்)

பேஸ் விஷயத்தில் காது தாமதமாகத்தான் புகார் சொல்லும். 50 ஹெர்ட்ஸ் அலையின் தலை வெட்டுப்பட்டால் 150, 250 ஹெர்ட்ஸில் உபரி ஒலிகள் பிறக்கின்றன. கதவு ஸ்பீக்கர்களில் ஓடும் பாட்டு அவற்றை மூடிவிடும். உங்கள் காதுக்குக் கரகரப்பு எட்டும்போது சப்வூஃபரின் கம்பிச்சுருள் ஏற்கெனவே சூடேறிக்கொண்டிருக்கும். உச்சி அளவு மாறாமல் சைன் அலை முழுச் சதுர அலையாகிவிட்டால், அது தரும் வெப்பம் இரு மடங்கு.

இன்னொன்று: கெயின் என்பது ஒலியளவுத் திருகு அல்ல. ஸ்டீரியோ அனுப்பும் வோல்ட்டுக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்துவது மட்டுமே அதன் வேலை.

என் ஆம்ப்ளிஃபையர் 4 ஓமில் 300 வாட் ஆர்எம்எஸ். சப்வூஃபர் 4 ஓம், 250 வாட் ஆர்எம்எஸ். எத்தனை வோல்ட்டில் நிறுத்த வேண்டும்? (டொங்காட்)

இரண்டு வாட் எண்களில் சிறியதை எடுங்கள். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் "1500 வாட்" கணக்கில் சேராது. ஆர்எம்எஸ் எண்தான் வேண்டும். சூத்திரம் இது:

```
V = √(P × R)
√(250 × 4) = 31.6
```

ஸ்டீரியோவில் ஈக்வலைசரைச் சமமாக்கி, லவுட்னஸை அணைத்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபையரில் பேஸ் பூஸ்ட் பூஜ்யத்திலும் கெயின் அடிமட்டத்திலும் இருக்கட்டும். ஸ்பீக்கர் கம்பிகளை ஆம்ப்ளிஃபையரிலிருந்தே கழற்றிவிடுங்கள்; கழற்றிய முனைகள் ஒன்றையொன்றும் கார் உடலையும் தொடக் கூடாது. 50 ஹெர்ட்ஸ், 0 டெசிபல் சைன் அலைக் கோப்பை யூஎஸ்பியில் போட்டு ஓட்டுங்கள். செல்பேசியிலிருந்து புளூடூத்தில் அனுப்பினால் செயலியின் ஒலிச் சமன் வசதி நடுவில் கைவைக்கும். லோ பாஸ் வடிகட்டி 80 ஹெர்ட்ஸில் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் பெரும்பாலும் சேதமின்றிக் கடந்துவிடும்; 80 ஹெர்ட்ஸ் டோனையே போட்டால் வடிகட்டி அதைக் குறைத்துக் காட்டும், நீங்கள் கெயினைத் தேவைக்கு மேல் ஏற்றிவிடுவீர்கள்.

ஸ்டீரியோவின் உச்ச எண் 40 என்றால் 30இல் வையுங்கள். அதற்கு மேல் பல ஸ்டீரியோக்கள் தாமே சிதைக்கத் தொடங்கும். மீட்டரை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பி, ஸ்பீக்கர் முனைகள் இரண்டிலும் ஊசிகளை வைத்து, கெயினை மெல்லத் திருப்புங்கள். 31.6 வந்ததும் நிறுத்துங்கள். அந்த 30ஐ எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவையுங்கள்: இனி அதைத் தாண்டக் கூடாது.

எவ்வளவு திருப்பினாலும் 27 வோல்ட்டைத் தாண்டி நகர மறுக்கிறது. ஆம்ப்ளிஃபையர் கெட்டுவிட்டதா? (பீனிக்ஸ்)

இன்ஜின் ஓடியதா என்று எழுதவில்லையே! நிறுவனங்கள் வாட் கணக்கைப் பெரும்பாலும் 14.4 வோல்ட்டில் சொல்கின்றன. நிறுத்திய காரின் பேட்டரி 12.6ஐச் சுற்றித்தான் நிற்கும். பல ஆம்ப்ளிஃபையர்களில் வெளியீடும் அதோடு இறங்கும். திறந்த இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். கதவு மூடிய காரேஜில் அல்ல, புகை ஆளைக் கொல்லும்.

அப்போதும் 27தான் என்றால் அதுவே அதன் எல்லை. திருப்பத் திருப்ப எண் சீராக ஏறாமல் சோம்பத் தொடங்குவதே அலை வெட்டுப்படுவதன் அடையாளம். சோம்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே நின்றுகொள்ளுங்கள். மீட்டர் வோல்ட்டைத்தான் சொல்லும், அலையின் வடிவத்தைக் காட்டாது. மேலும் ஸ்பீக்கர் இல்லாமல் அளக்கிறீர்கள். சுமை ஏறும்போது மலிவான ஆம்ப்ளிஃபையர் இன்னும் தளரும். வடிவத்தைக் கண்ணால் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். டாக்சிக்காரர்கள் போல் பெரிய வாட்டில் விளையாடுபவர் ஒன்றை வாங்கிவிடுவதே மேல்.

சிலர் –5 டெசிபல் டோனை வைக்கச் சொல்கிறார்கள். எது சரி? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

நீங்கள் கேட்கும் பாட்டைப் பொறுத்தது. –5 டோனில் 31.6 வோல்ட் வைத்தால், முழு அளவில் பதிவான ஒரு அடி அதைப்போல் 1.78 மடங்கு, அதாவது 56 வோல்ட் கேட்கும். ஆம்ப்ளிஃபையரிடம் அது இல்லை, வெட்டிவிடும். பழைய திரைப்பாடல்களும் பக்திப் பாடல்களும் தாழ்ந்த அளவில் பதிவானவை. அவற்றுக்கு –5 நன்றாகவே உதவும். இன்றைய நடனப் பாடல்கள் உச்சியிலேயே நிற்பவை. பிள்ளைகள் ஓட்டும் காருக்கு நான் 0தான் வைத்துக் கொடுப்பேன்.

எல்லாம் வைத்த பிறகு பேஸ் பூஸ்ட் கொஞ்சம் கூட்டலாமா? (லெனேசியா)

கூட்டலாம், ஆனால் கெயினை மறுபடி முதலிலிருந்து வையுங்கள். 6 டெசிபல் பூஸ்ட் அந்த அலைவரிசையில் வோல்ட்டை இரட்டிப்பாக்கிவிடும். பூஸ்ட்டின் மையம் 45 ஹெர்ட்ஸ் என்றால் டோனும் 45 ஹெர்ட்ஸாக இருக்கட்டும்.