பெயர் வேறு, பொறி வேறு

கேள்வி: சோளம் விளைவித்ததால் சோழர், மலையைச் சேர்ந்து வாழ்ந்ததால் சேரர், பாண்டவர் வழியினர் என்பதால் பாண்டியர் என்று படித்தேன். வில், புலி, மீன் ஆகியவை இவர்களின் ஆதி குலக்குறிகள் என்றும், பெயர்களே அவற்றோடு பிறந்தவை என்றும் சொல்கிறார்கள். இவையெல்லாம் சரிதானா?

பதில்: சரியல்ல. பெயர் எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி. பொறி, அதாவது வில், புலி, மீன் என்ற சின்னம், எதற்காக இருந்தது என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு நம்மிடம் ஊகங்களே மிகுதி. இரண்டாவதற்குச் செய்யுளிலும் செம்பிலும் சான்று இருக்கிறது. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போடுவதால்தான் குழப்பம் பெருகுகிறது.

சோளத்திலிருந்து தொடங்குவோம். சோளம் என்ற சொல்லில் இருப்பது ளகரம். சோழன் என்ற பெயரில் இருப்பது ழகரம். பேச்சில் இரண்டையும் ஒன்றாக ஒலிப்பவர்களுக்கு இது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் தெலுங்கோடு ஒப்பிட்டால் இவ்விரண்டு எழுத்துகளும் தனித்தனி வழியில் போவது தெரியும். நம்முடைய ஏழு அங்கே ஏடு. நம்முடைய கோழி அங்கே கோடி. ளகரமோ லகரமாகிறது: முள் என்பது முல்லு, கள் என்பது கல்லு. சோழ மரபினர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டு கடப்பைப் பகுதியை ஆண்டவர்களைத் தெலுங்கர் ரேநாட்டுச் சோடர் என்றே அழைக்கிறார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகனின் பாறைக் கட்டளையிலும் சோட என்ற வடிவமே உள்ளது. ஆகவே இந்தப் பெயரின் உள்ளே இருப்பது தொடக்கம் முதலே ழகரம். தானியத்தின் பெயரை இங்கே கொண்டுவந்து பொருத்த ஒலி இடந்தரவில்லை. சோர என்ற வடசொல்லைக் காட்டித் திருடர் என்று பொருள் சொன்னவர்களுக்கும், கருமை என்னும் பொருளுடைய கால என்ற வடசொல்லைக் காட்டியவர்களுக்கும் இதே விடைதான்.

சேரர் பெயரில் நிலைமை சற்று மேலானது. அதே அசோகன் கட்டளையில் சேரரைக் குறிக்கும் சொல், இடத்துக்கு இடம் எழுத்து மாறினாலும், எங்கும் ககரத்தில்தான் தொடங்குகிறது. கேரளபுத்திரன் என்பதே அதன் பொருள். ககரம் மூத்தது, சகரம் அதிலிருந்து வந்தது என்று கால்டுவெல் காலத்திலிருந்து கூறப்படுவதை நான் ஏற்கிறேன். காரணம், இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னே கன்னடம் ககரத்தைக் காக்கும் இடத்தில் தமிழ் சகரமாக்கிவிடும் வழக்கம் பரவலாக உண்டு. நாம் செவி என்பதைக் கன்னடர் கிவி என்பர். நாம் சேரி என்பதை அவர்கள் கேரி என்பர். சேர, கேர என்ற இணையும் இதே வாய்பாட்டில் அமைகிறது. இதை ஒப்புக்கொண்டால் உங்கள் கேள்வியில் உள்ள விளக்கம் நிற்காது. ஒன்றுசேர்தலைக் குறிக்கும் சேர் என்ற வினை கன்னடத்தில் சேரு என்று சகரத்தோடுதான் இருக்கிறது, கேரு என்று இல்லை. எனவே அந்த வினையிலிருந்து கேரளம் என்ற வடிவம் கிளைத்திருக்க முடியாது. மலைச்சாரலிலிருந்து வந்தது என்பாருக்கும் இதே இடறல் உண்டு. நெடில் ஆகாரத்துக்கு முன்னே இந்த ககர சகர மாற்றம் நிகழ்வதில்லை. மூலச்சொல்லின் பொருள் என்ன என்று இதனால் தெரிந்துவிடவில்லை. எது மூலச்சொல் அன்று என்பது மட்டும் தெரிகிறது.

பாண்டியர் பெயரைப் பாண்டுவோடு இணைத்தவர் சாதாரண ஆள் அல்லர். பாணினியின் இலக்கணத்துக்கு வார்த்திகம் எழுதிய காத்தியாயனர். ஆனால் அவர் செய்தது, வழக்கில் இருந்த ஒரு பெயருக்கு வடமொழி விதியால் விகுதி காட்டியது. வம்சாவளி எழுதுவது அவர் வேலையாக இருக்கவில்லை. அவர் காலத்திலேயே பாண்டியர் பெயர் வடக்கில் அறியப்பட்டிருந்தது என்பதற்கு அந்த வரி நல்ல சான்று. பாண்டவர் உறவுக்கு அது சான்றாகாது. பண்டு என்ற சொல்லிலிருந்து பழையோர் என்ற பொருளில் வந்தது என்பதும், காளையைக் குறிக்கும் பாண்டில் என்ற சொல்லோடு தொடர்புடையது என்பதும் ஒலியளவில் தள்ளத்தக்கவை அல்ல. ஆனால் ஒலி ஒத்துவருவது மட்டும் போதாது.

இனிப் பொறிகள். வில்லவர் என்றால் பில்லர் என்ற பழங்குடியினர், மீனவர் என்றால் இராசபுதனத்து மீனர் என்ற பழங்குடியினர் என்று 1904இல் நூல் வெளியிட்ட கனகசபைப் பிள்ளை கருதினார். உழைப்பால் மதிக்கத்தக்க அறிஞர்தான், ஆனால் இவ்விடத்தில் அவர் கையில் இருந்தது பெயர் ஒற்றுமை மட்டுமே. சங்கப் பாடல்களில் பொறி என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் மலைபோல் குவிந்த சரக்குகளுக்குச் சுங்கம் கொண்டபின் "புலி பொறித்துப் புறம் போக்கி" அனுப்புகிறார்கள் என்கிறது பட்டினப்பாலை. புறநானூறு 33இல் சோழன் நலங்கிள்ளி பகைவரின் ஏழெயில் கோட்டையைக் கைப்பற்றி அதன் கதவில் புலியைப் பொறிக்கிறான். 39இல் சேரனின் விற்பொறி இமயத்தில் ஏறுகிறது. சரக்கு, கதவு, மலை என மூன்றிலும் பொறி சொல்வது ஒன்றே: இது இன்னாரின் ஆட்சிக்கு உட்பட்டது. அது அரசு முத்திரை. குலத்தின் மூதாதை விலங்கு என்று கொள்ள இந்தப் பாடல்களில் ஒரு சொல்லும் இல்லை. வில் விலங்கும் அன்று.

குலத்தை அடையாளம் காட்டியது பூ. தொல்காப்பியம் சேரருக்குப் போந்து என்ற பனை, பாண்டியருக்கு வேம்பு, சோழருக்கு ஆர் என்ற ஆத்தி என மூவேந்தர் சூடும் பூக்களைத்தான் சொல்கிறது. சோழனான நெடுங்கிள்ளியை அதே குலத்து நலங்கிள்ளி முற்றுகையிட்டபோது புலவர் கோவூர் கிழார் இருவரையும் தடுக்கக் காட்டியதும் இதையே: உன் எதிரி பனந்தோடு சூடியவனும் அல்லன், வேம்பின் மாலை அணிந்தவனும் அல்லன், உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி. உறவை நினைவூட்ட வேண்டிய அந்த இடத்தில் அவர் புலியைக் குறிப்பிடவில்லை.

பாண்டியரின் மீனுக்குச் செம்பே சாட்சி. பெருவழுதி என்ற பாண்டிய அரசன் பெயரைத் தமிழி எழுத்தில் பொறித்த சதுரச் செப்புக்காசு கிடைத்திருக்கிறது. ஒரு பக்கம் குதிரை. மறுபக்கம் சில கோடுகளால் ஆன ஒரு வடிவம். செதிலும் கண்ணும் இல்லாத அந்தக் கோட்டுருவை முதலில் பார்ப்பவர் மீன் என்று சொல்லத் தயங்குவார். இந்த வகைக் காசுகள் பலவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் மீனின் உடலும் வாலும் புலப்படும். அரசன் பெயரும் பொறியும் ஒரே உலோகத்துண்டில் சேர்ந்திருப்பதால், இதைவிட உறுதியான சான்றைக் கேட்க வேண்டியதில்லை.

வில்லவன், மீனவன் என்ற பட்டங்களைக் காட்டி, பொறியிலிருந்து பெயர் பிறந்ததாகச் சொல்வோரும் உண்டு. அப்படிப் பிறந்தவை இந்தப் பட்டங்கள்தாம். சேர, சோழ, பாண்டிய என்ற மூன்று சொற்களில் எதிலும் வில்லும் இல்லை, புலியும் இல்லை, மீனும் இல்லை.

பொறிகள் பின்னர் எப்படி ஆளப்பட்டன என்பதை இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் காணலாம். உட்கார்ந்த புலி, அதன் அருகே இரண்டு கயல்கள், கீழே வில், மேலே குடையும் சாமரமும். வென்றவனின் முத்திரையில் மற்ற இருவரின் பொறிகளும் அடங்கிக் கிடக்கின்றன. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு, ஒரு சோழனும் ஒரு பாண்டியனும் ஒருங்கிருந்ததைக் கண்ட புலவர் காரிக்கண்ணனார், புறநானூறு 58இல், பிறர் குன்றுகளில் புலி "நெடுநீர்க் கெண்டையொடு பொறித்த" நிலை வரட்டும் என்று வாழ்த்தினார். அங்கே புலியும் கெண்டையும் சமமாக நிற்கின்றன.